புதன்கிழமை பின்னிரவு

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டு கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்தேன். காலையிலும் மாலையிலும் பிள்ளைகளுக்கு டைப் சொல்லிக்கொடுப்பேன். மத்தியானத்தில் மெஷின்கள் சும்மா கிடக்கும்போது வெளியாட்கள் கொண்டுவரும் காகிதங்களை இங்கிலீஷில் மாற்றி அடித்துக் கொடுப்பேன். பாகப் பத்திரம், பள்ளிக்கூடச் சான்றிதழ், கர்ணம் எழுதிய கிறுக்கல் எல்லாம் வரும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். தமிழில் நடந்த எதுவும் இந்த நாட்டில் நடந்ததாகாது. அதை இங்கிலீஷில் அடித்து, அடியில் எவனாவது கையெழுத்துப் போட்டு, ஊதா மையில் ஒரு முத்திரை குத்தினால்தான் நடந்ததாகும். மகா புத்திசாலிகள் போட்ட ஏற்பாடு.

ஒருநாள் மத்தியானம் ஒருவன் வந்தான். கறுத்து, ஒல்லியாக, இருபத்தைந்து வயதிருக்கும். திருவிடந்தைக்குத் தெற்கே கடலோரக் குப்பத்தைச் சேர்ந்தவன். அவன் அப்பனும் அண்ணன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவன் மட்டும் பக்கத்தில் புதிதாக வந்திருந்த இறால் கம்பெனியின் ஐஸ் பேக்டரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். பம்பாய் முதலாளியின் கம்பெனி. தினத்தந்தி அளவுக்குப் பெரிய ஒரு காகிதப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்து, பயபக்தியோடு பிரித்தான். உள்ளே ஒரே ஒரு போட்டோ இருந்தது.

"அக்கா, இத்த இங்கிலீஸ்ல எயுதணும். மின்னாடியே ஒருத்தரு எயுதிக் குட்த்தாரு. அத்தப் பாத்துட்டு ஆபீஸ்ல, ஒனுக்குக் கண்ணாலமே ஆவலன்னுட்டாங்க."

போட்டோவைக் கையில் எடுத்தேன். அவனுடைய கல்யாணப் பத்திரிகையின் போட்டோ. அந்தக் காலத்தில் கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் பத்திரிகையைப் படம் பிடித்து ஒட்டுவது ஒரு நாகரிகமாகியிருந்தது. போட்டோக்காரர்கள் அதில் தங்கள் கலை மேதையை எல்லாம் காட்டுவார்கள். இந்த மேதையும் காட்டியிருந்தார். பித்தளைத் தாம்பாளத்தில் பத்திரிகையை வைத்து, மேலே ஒரு பக்கம் வெற்றிலை, இன்னொரு பக்கம் குங்குமச் சிமிழ், நட்டநடுவே சாய்வாக ஒரு தேங்காய். பத்திரிகையைப் படிக்க வேண்டியவனுக்குத் தேங்காய்தான் நன்றாகத் தெரியும். அடைப்புக்குறிக்குள் அச்சடித்திருந்த இங்கிலீஷ் தேதி தேங்காய்க்கு அடியில் போய்விட்டது. அச்சாபீஸ் பெயர் வெற்றிலைக்கு அடியில்.

"பத்திரிகை ஒண்ணுகூட இல்லையா?"

"இன்னாக்கா பண்றது, கண்ணாலம் முடிஞ்ச கையோட எல்லாம் கருவாடு மடிக்கப் பூட்ச்சு. கூரை ஒயுகினதுல மிச்சமும் பூட்ச்சு."

எதற்காக இவ்வளவு பாடு என்று கேட்டேன். அவன் மனைவி ஏழு மாத கர்ப்பிணி. கல்யாணமாகி இரண்டு வருஷம். முதல் பிள்ளை குப்பத்திலேயே பிறந்து, மூச்சு விடாமலே போய்விட்டது. ஐப்பசி மழையில் வண்டி கிடைக்கவில்லை. மணலில் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இந்த முறை மெட்ராஸில், கம்பெனி தன் ஆட்களுக்காக ஏற்பாடு செய்திருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம் என்று நம்பியிருந்தான். ஆனால் கம்பெனி பதிவில் மனைவி என்று பெயர் ஏறினால்தான் அங்கே சேர்ப்பார்கள். வேலைக்குச் சேர்ந்தபோது கல்யாணமாகாதவன் என்று எழுதிக் கொடுத்திருந்தான். அப்போது அது உண்மைதான். கல்யாணமான பிறகு மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, இவனுக்கும் தோன்றவில்லை. இப்போது போய்க் கேட்டால், அத்தாட்சி கொண்டுவா என்கிறார்கள். குப்பத்துப் பெரியதனக்காரர் கைநாட்டு வைத்துக் கொடுத்த கடிதத்தை, இப்படி யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிவிட்டார்கள். தாலி கட்டுகிற போட்டோவில் தேதி இல்லை என்றார்கள். கல்யாணத்துக்கு முன்பே அச்சான பத்திரிகை என்றால் சரி, ஆனால் இங்கிலீஷில் வேண்டும் என்றார்கள்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். செய்த கல்யாணத்தை ஒரு உண்மையைச் சொல்லி நிலைநாட்ட முடியவில்லை, பாருங்கள்.

முந்தைய மொழிபெயர்ப்பை வாங்கிப் படித்தேன். அடித்தவர் யார் என்று முத்திரையைப் பார்க்காமலே தெரிந்தது. கோர்ட்டு வாசலில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர். செங்கல்பட்டிலேயே இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் தாம்தான் என்ற நினைப்பில் இருபது வருஷமாகத் தலை நிமிர்த்தி நடந்தவர். 'மங்களகரமான ராட்சஸ வருஷம்' என்பதை 'மங்களகரமான டீமன் இயர்' என்று எழுதியிருந்தார். ராட்சஸ என்பது அறுபது வருஷப் பெயர்களில் ஒன்று, பெயரைப் பெயராகவே விட வேண்டும் என்பது அந்த மகானுக்குத் தோன்றவில்லை. 'சிம்ம லக்னத்தில்' என்பதை 'சிங்கம் எழும் வேளையில்' என்று பொருள்படும்படி எழுதியிருந்தார். படிக்கிற பம்பாய்க்காரன், இந்த ஊர்க் கடற்கரையில் விடியற்காலையில் சிங்கம் உலாவுகிறது என்று நினைத்திருப்பான். 'மாலை 7 மணிக்குப் பெண் அழைப்பு' என்பதை 'மாலை ஏழு மணிக்குப் பெண்களுக்கான அழைப்பு' ஆக்கியிருந்தார். 'நலங்கு' என்ற இடத்தில் வெறும் கோடு.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாதது ஒன்று இருந்தது. பத்திரிகையில் முகூர்த்தம் இப்படி அச்சாகியிருந்தது: ஆவணி மாதம் 25ஆம் தேதி புதன்கிழமை பின்னிரவு 4.30 மணிக்கு மேல் 6.00 மணிக்குள். குமாஸ்தா அதைப் 'புதன்கிழமை காலை நாலரை முதல் ஆறு வரை' என்று எழுதி, பஞ்சாங்கத்தைப் பார்த்து அந்தப் புதன்கிழமையின் இங்கிலீஷ் தேதியையும் போட்டுவிட்டார்.

கம்பெனியில் அந்தத் தேதிக்கு ஆஜர் புத்தகத்தைப் புரட்டினார்கள். புதன்கிழமை காலை எட்டு மணி முதல் சாயங்காலம் ஐந்து வரை இவன் ஐஸ் பேக்டரியில் வேலை பார்த்திருக்கிறான். தாலி கட்டிவிட்டு அதே காலையில் ஐஸ் உடைக்க எவனாவது வருவானா? அதோடு, அன்று மாலை ஏழு மணிக்கு ஏதோ பெண்களை வேறு அழைத்திருக்கிறான். பத்திரிகையே கட்டுக்கதை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

நடந்தது என்னவென்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை, நம் ஊரில் பிறந்தவருக்கு. நமக்கு நாள் பிறப்பது பொழுது விடியும்போது. நடு ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தேதி மாறுவது கடிகாரத்துக்கும் ரயிலுக்கும்தான். புதன்கிழமை பின்னிரவு என்றால் புதன் பகல் கழிந்து, ராத்திரியும் கழிந்து, வியாழன் விடிவதற்கு முந்தைய நேரம். பம்பாய்க் கணக்கில் அது வியாழக்கிழமை. புதன் மாலை பெண்ணை மேளதாளத்தோடு மாப்பிள்ளையின் ஊருக்கு அழைத்து வருவார்கள், அதுதான் பெண் அழைப்பு. ராத்திரி நலங்கு. விடிவதற்குள் தாலி. எந்தக் குமாஸ்தாவின் கல்யாணமும் இப்படித்தான் நடந்திருக்கும். ஆனால் இங்கிலீஷ் எழுத உட்கார்ந்ததும் மனிதன் தன் சொந்தக் கல்யாணத்தையே மறந்துவிடுகிறான்.

"நீ வியாழன், வெள்ளி லீவு போட்டியா?" என்று கேட்டேன்.

"ரெண்டு நாளுதான் குட்த்தாங்க. புதங்கெழம வேலைக்குப் பூட்டுத்தான் வந்தேன். எங்க ஆத்தா, கண்ணாலத்தன்னிக்கு எவனாச்சும் வேலைக்குப் போவானான்னு ஒரே பேஜாரு. காப்புக் கூட வந்துதான் கட்டிகினேன்."

அப்படியானால் ஆஜர் புத்தகமே அவன் பக்கம் சாட்சி. புதன் வேலை, வியாழன் வெள்ளி லீவு. படிக்கத் தெரிந்தவனுக்கு அதில் ஒரு கல்யாணம் அப்பட்டமாக எழுதியிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. அவனைக் கூட்டிக்கொண்டு நேரே குமாஸ்தாவிடம் போனேன். முதல் மொழிபெயர்ப்பைத் திருத்திக் கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும். புங்க மரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். காகிதத்தைக் கையால் தொடக்கூட இல்லை.

"ஏம்மா, நாலரை மணின்னா இங்கிலீஷ்ல ஏ.எம். ஏ.எம்.னா அந்தத் தேதி. இதுல என்ன திருத்தறது? நான் போட்ட முத்திரையை நானே தப்புன்னு சொல்லணுமா?"

"பின்னிரவுன்னு போட்டிருக்கே சார். அது காலையா?"

"ராத்திரின்னு எழுதினா நாலரைக்கு ஒத்து வருமா? கல்யாணம் பண்ணிக்காத பொண்ணு, கல்யாணப் பத்திரிகைக்கு அர்த்தம் சொல்ல வந்துட்டா."

சுற்றி நின்ற நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. கல்யாணமாகாதது ஊருக்கே தெரியும், அதை ஊர் எனக்கு மறக்கவும் விட்டதில்லை. எத்தனை பேருடைய முகூர்த்தத்தை டைப் அடித்திருக்கிறேன். எழுத்துப்பிழை இல்லாமல் அடித்தேன் என்ற ஒரு பெருமையாவது எனக்கு மிச்சம். அவருக்கு அதுவும் இல்லை. அப்படியே சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். பின்னால் யாரோ இன்னும் பலமாகச் சிரித்தார்கள். இந்த முறை சிரிப்பு யாரைப் பார்த்து என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கே உட்கார்ந்து நான் புதிதாக அடித்தேன். இடது பக்கம் பத்திரிகை வாசகம், வலது பக்கம் விளக்கம். சடங்குப் பெயர்களைப் பெயராகவே விட்டு, எதிரே அர்த்தம் எழுதினேன். பந்தக்கால் என்றால் வீட்டுவாசலில் பந்தலுக்கு நடும் முதல் கம்பம், அதை நட்டால் கல்யாண வேலை தொடங்கிவிட்டது என்று பொருள். காப்பு என்றால் மணமக்கள் மணிக்கட்டில் கட்டும் மஞ்சள் நூல். நலங்கு என்றால் மஞ்சளும் சந்தனமும் பூசும் சடங்கு. மாங்கல்ய தாரணம் என்றால் தாலி கட்டுவது, சட்டப்படியும் ஊர்ப்படியும் கல்யாணம் என்பது அதுதான். 'மேல்', 'குள்' என்பதற்கு விளக்கம் எழுத வேண்டியிருந்தது. அந்த லக்னம் ஓடும் நேரம் அது, அதற்குள் எப்போது வேண்டுமானாலும் கட்டலாம். ஒன்றரை மணி நேரமும் தொடர்ந்து கட்டிக்கொண்டிருப்பதில்லை என்றும் எழுத நினைத்தேன். எழுதவில்லை. பம்பாய்க்காரனை அவ்வளவு மட்டமாக நினைக்க வேண்டாம் என்று பட்டது.

தேங்காய்க்கு அடியில் மறைந்திருந்ததை மறைந்திருக்கிறது என்றே எழுதினேன். ஊகித்து எழுதுவது நம் வேலை அல்ல. நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது, ஆகையால் இந்த முகூர்த்தம் இங்கிலீஷ் காலண்டரில் வியாழன் அதிகாலை என்று ஒரு குறிப்பு, அவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் அவன் திரும்பி வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. இரண்டு மொழிபெயர்ப்பு, இரண்டு தேதி, ஆகையால் ஒன்று பொய், எழுதிய இருவரும் நேரில் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மனைவியையும் கூட்டி வர வேண்டுமாம். குமாஸ்தா வரமாட்டேன் என்றுவிட்டார். நான் கிளம்பினேன்.

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், அங்கிருந்து வடக்கே போகும் இன்னொரு பஸ். போகிற வழியெல்லாம் எனக்குத் திருவிடந்தைப் பெருமாளின் நினைப்புதான். அவர் நித்திய கல்யாணப் பெருமாள். நாளுக்கு ஒன்றாக ஒரு வருஷம் முழுக்கக் கல்யாணம் செய்துகொண்டவர். அத்தனை மனைவிமாரில் ஒருத்தியின் பெயரையாவது பதிவில் ஏற்ற அவரிடம் யாரும் அத்தாட்சி கேட்டதில்லை. கல்யாணம் ஆகவேண்டும் என்று வேண்டிக்கொண்டு என் அம்மா என்னை அங்கே கூட்டிப்போய் மாலை வாங்கிப் போட்டுச் சுற்றி வரவைத்தாள். அவருக்கு இருந்த சுறுசுறுப்பு என் விஷயத்தில் இல்லை.

கம்பெனி வாசலில் அவனும் அவளும் நின்றிருந்தார்கள். அவளை அன்றுதான் முதலில் பார்த்தேன். சின்னப் பெண். வயிறு மட்டும் பெரிதாக, கணுக்கால் வீங்கி, முந்தானையால் இறுக்கிப் போர்த்திக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லி ஒரு பெஞ்சு காட்டவும் அங்கே ஆள் இல்லை. இறால் நாற்றத்தில் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மீன்காரப் பெண்ணுக்குக் குமட்டல் வருமா என்று வாட்ச்மேன் வேடிக்கை பார்த்தான்.

"பயமாக் கீதுக்கா," என்றாள். "இன்னா கேப்பாங்க?"

"கேட்டதுக்கு உண்மையைச் சொல்லு. போதும்," என்றேன். அதை நான் சொல்லியிருக்கக் கூடாது என்று பத்து நிமிஷத்தில் தெரிந்தது.

அதிகாரி பம்பாயிலிருந்து வந்தவர், நடுத்தர வயது. சந்தனப் பொட்டு, வெள்ளைச் சட்டை, மேஜைமேல் கண்ணாடி. மரியாதையாகத்தான் பேசினார். அந்த வகை ஆட்கள் கழுத்தை அறுப்பதும் மரியாதையாகத்தான். இரண்டு மொழிபெயர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். இங்கிலீஷில் ஒவ்வொன்றாகக் கேட்டார். காப்பு எதற்கு, நலங்கு எதற்கு, பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு ஏன் அழைத்துவருகிறார்கள், எங்கள் பக்கம் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்குப் போவான். நான் பதில் சொன்னேன். இந்தப் பக்கத்தில், இந்தச் சாதி ஜனத்தில், கல்யாணம் மாப்பிள்ளை ஊரில்தான் நடக்கும், அதனால்தான் பெண் அழைப்பு முதலில் வருகிறது. நாலரை மணிக்குத் தாலி கட்டியிருந்தால் அதே நாள் மாலை ஏழு மணிக்குப் பெண்ணை அழைத்துவர என்ன இருக்கிறது? வரிசையைப் பாருங்கள், அதிலேயே நாள் தெரிகிறது என்றேன்.

அவர் தலையாட்டினார். எனக்கும் நம்பிக்கை வந்தது. பிறகு பேனாவை எடுத்து, அந்தப் பெண்ணையே கேட்கலாமே என்றார். "எந்தக் கிழமை கல்யாணம் என்று கேளுங்கள். இவள் சொல்வதை அப்படியே எனக்குச் சொல்ல வேண்டும்."

கேட்டேன். அவள் கண் சிமிட்டாமல் சொன்னாள்.

"புதங்கெழம."

அவளுடைய புருஷன் தலையில் கை வைத்துக்கொண்டான். அந்தச் சொல்லை இங்கிலீஷாக்க அதிகாரிக்கு நான் தேவைப்படவில்லை. அவர் மொழியிலும் புதன்கிழமைக்கு 'புத்' என்றுதான் பெயர். பேனாவை மூடிவிட்டார்.

"நல்லாத் தெரியுமா?" என்று அவளைக் கேட்டேன். கேட்டதே முட்டாள்தனம்.

"இன்னாக்கா இப்டி கேக்குற. என் கண்ணாலம் எனுக்குத் தெரியாதா. பொன்னு கெட்ச்சாலும் புதன் கெடைக்காதுன்னு எங்க நைனா புதங்கெழமதான் வேணும்னு நின்னு வெச்சாரு."

அவள் சொன்னது முழு உண்மை. அவள் அப்பன் கேட்டு வாங்கிய கிழமை. பொழுது விடிவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஊரே அவசரப்பட்டதும் புதன் கையை விட்டுப் போய்விடக்கூடாது என்றுதான். அந்த உண்மைதான் இப்போது அவளைக் குப்பத்து மணலுக்குத் திருப்பி அனுப்பப் போகிறது.

அந்த நேரத்தில் கம்பெனி ஆள் ஒருவன் டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தான். எனக்குத்தான். நின்றுகொண்டிருந்த கர்ப்பிணிக்கு இல்லை. நான் அதை அவள் பக்கம் நகர்த்தினேன். அதிகாரியின் முன்னால் ஒரு டம்ளர் பால் மட்டும் வைத்தான். பிஸ்கட்டை நீட்டியபோது அவர் கையால் தடுத்தார்.

"இன்று ஏகாதசி. தானியம் தொடமாட்டேன்," என்று என்னிடம் பெருமையாகவே சொன்னார்.

எனக்கு ஆத்திரத்தில் மூளை வேலை செய்யாது என்று என் அம்மா சொல்லுவாள். அன்றைக்குச் செய்தது.

"எப்போது சாப்பிடுவீர்கள்?"

"நாளைக் காலை. சூரியன் உதித்து, ஸ்நானம் செய்து, பூஜை முடித்து."

"நாளைக் காலை நாலரை மணிக்கு விழிப்பு வந்து, பசியும் வந்தால்? தேதிதான் மாறிவிட்டதே. உங்கள் ஆஜர் புத்தகப்படி அது நாளைய நாள். ஒரு சப்பாத்தி சாப்பிடலாமே."

அவர் சிரித்தார். "அது எப்படி அம்மா? சூரியன் வரும்வரை அது ஏகாதசிதான்."

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயில் என்ன வந்தது என்று அவருக்கே கேட்டது. வீட்டில் ஒரு நாள், ஆபீஸில் ஒரு நாள் என்று இத்தனை வருஷம் இரண்டையும் தொட்டுக்கொள்ளாமல் வைத்துப் பிழைத்துவந்த மனிதர். தன் சாமிக்குப் பொருந்துகிற கணக்கு ஒரு மீன்காரப் பெண்ணின் தாலிக்கும் பொருந்தும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

நான் அந்தப் பெண்ணிடம் திரும்பி, அவருக்கும் புரியும்படி நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். "தாலி கட்டுறப்போ விடிஞ்சிருந்துதா?"

"விடியல. பெட்ரமாக்ஸ் எரிஞ்சிகினு இர்ந்துது. கட்டி முட்ச்சு வெளிய வர்றப்பதான் கடலு மேல வெளுத்துது."

இங்கிலீஷில் சொன்னேன். பெட்ரோமாக்ஸ் விளக்கையும் விடவில்லை. அவர் ஆஜர் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, வியாழன், வெள்ளி என்ற கட்டங்களைத் தாமே விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு குமாஸ்தாவின் மொழிபெயர்ப்பைக் கோடு போட்டு அடித்தார். பதிவுத் தாளில் மனைவி என்ற இடத்தில் அவள் பெயரை எழுதினார். கல்யாண நாள் என்ற இடத்தில் வியாழக்கிழமையின் தேதியை எழுதினார். கையெழுத்துப் போட்டார். முத்திரையும் குத்தி, ஆஸ்பத்திரியில் காட்ட ஒரு நகலை அவளிடம் கொடுத்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியின் பெயரைச் சொல்லித்தான் பூசாரியிடமிருந்து வரத்தைப் பிடுங்க முடிந்தது.

வெளியே வந்ததும் அவன் என் காலைத் தொடப் பார்த்தான். விலகிக்கொண்டேன். அவள் மட்டும் உம்மென்று வந்தாள். கையிலிருந்த தாளைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன்.

"வியாயக்கெழமையா?" அவள் நின்றுவிட்டாள். "ஏங்கா, எங்க நைனா செத்துப்பூட்டாரு. அவுரு வெச்ச நாளு அது. இவுங்க யாரு மாத்தறதுக்கு?"

"காகிதத்துலதான்மா. ஆஸ்பத்திரிக்காக."

"உண்மயச் சொல்லுன்னு நீதான சொன்ன."

அவன் அவளை அதட்டினான். ஆஸ்பத்திரியில் இடம் கிடைச்சிட்ச்சே, இன்னும் இன்னா நாளு கெழமன்னு. அவள் தாளை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். பஸ் வரும்வரை கடல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவள்மேல் எரிச்சலும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இவ்வளவு செய்தும் ஒரு நன்றி இல்லையே என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நானும் ஒன்றும் பெரிய உத்தமி அல்ல.

மழையும் பனியும் முடிந்து பங்குனி பிறந்த பிறகு ஒரு நாள் இன்ஸ்டிடியூட் வாசலில் அவள் வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை. பெண். கன்னங்கரேலென்று, கையைக் காலை உதைத்துக்கொண்டு, என் மெஷினின் பொத்தான்களைப் பிடிக்கத் தாவியது. உயிரோடு ஒரு குழந்தை அந்த மேஜைமேல் கை வைத்தபோது குமாஸ்தாவைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது. அவர் புங்க மரத்தடியில்தான் இன்னும் உட்கார்ந்து, இன்னும் யாருடைய கல்யாணத்தையோ இங்கிலீஷில் கெடுத்துக்கொண்டிருந்தார்.

"நல்லா வெச்சுப் பாத்தாங்களா?" என்று கேட்டேன்.

"நல்லாப் பாத்துகினாங்கக்கா. டாக்டரம்மா தங்கமானவங்க. கொடி சுத்திகினு இர்ந்துதாம். வூட்ல இர்ந்திருந்தா இதுவும் பூட்டிருக்கும்னாங்க."

பிறகு ஆஸ்பத்திரி கொடுத்த சீட்டை எடுத்து நீட்டினாள். படித்துச் சொல்லச் சொன்னாள். பிறந்த நேரம் அதிகாலை ஐந்து மணிக்குச் சற்று முன்பு. கிழமை சனி என்று போட்டிருந்தது.

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். "வெள்ளிக்கெழம பொறந்த கொயந்தக்கா இது. எங்க ஆத்தா வெளிய நின்னுகினு பாத்துது, பொழுது விடியவே இல்ல. வெள்ளிக்கெழம பொறந்ததாலதான் லச்சுமின்னு கூப்புடறோம். சீட்டுல சனின்னு எயுதிட்டாங்க."

சீட்டை என் கையிலிருந்து திரும்ப வாங்கி, குழந்தையின் துணிக்குள் பத்திரமாக வைத்தாள்.

"எந்தக் கெழமன்னு நர்சம்மா என்னியக் கேட்டுச்சு," என்றாள். "நா வாயே தொறக்கலக்கா."